சென்ட்ரிங் இல்லாத சுவரில் கம்பி எங்கே?

2020 டிசம்பரில் எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் 700 சதுர அடிக் கட்டடம் ஒன்றை முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் எழுப்பியது. தரைத்தளத்தின் மேல் இன்னொரு தளமும் உண்டு. அச்சிட எடுத்த நேரம் 106 மணி. அந்த வேகத்தைவிட, சுவருக்குள் இரும்புக் கம்பியும் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வழக்கமான கான்கிரீட்டைப் பலகைக்குள் கொட்டுகிறோம். இறுகும்வரை பலகை அதைத் தாங்கிக்கொள்ளும். அச்சுச் சுவருக்கு அந்தத் துணை கிடையாது. குழாய் வழியே வழுக்கி வரும் கலவை, முனையை விட்டு விழுந்ததுமே அசையாமல் நிற்க வேண்டும். முறுக்கு பிழிந்தவர்களுக்கு இது புரியும்: மாவு இளகினால் வடிவம் நிற்காது, இறுகினால் அச்சை விட்டு இறங்காது.

பெரிய ஜல்லி குழாயையும் முனையையும் அடைத்துவிடும் என்பதால், பெரும்பாலும் மணலும் பொடி ஜல்லியும்தான் சேர்க்கிறார்கள். இடத்தை நிரப்ப ஜல்லி இல்லாததால் சிமென்ட் கூடுகிறது. அதில் ஒரு பங்குக்கு ஃப்ளை ஆஷ் போடுவது உண்டு. தண்ணீரைக் கூட்டாமல் இளக்கம் தரும் ரசாயனமும், வடியாமல் பிடித்துக்கொள்ளும் இன்னொன்றும் சேரும். சிமென்ட் கூடினால் சுருக்கமும் கூடும். பலகை மூடாத சுவர் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் ஈரம் இழந்து வெடிக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே ஈரம் காப்பது அவசியம்.

ஒரு வரி 2 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் சுவருக்கு 150 வரிகள். முதல் வரி இறுகி முடியும் முன்பே மேல் வரிகளின் பாரம் அதன்மேல் ஏறத் தொடங்கிவிடும். அவசரப்பட்டால் அடி வரி பிதுங்கும், கண்ணாலேயே பார்க்கலாம். தாமதித்தால் மேல்பரப்பு உலர்ந்து அடுத்த வரி ஒட்டாது. இது வெளியே தெரியாது. பின்னாளில் அந்தக் கோட்டில்தான் நீர் கசியும்.

கம்பிக்கு வருவோம். செங்குத்துக் கம்பியை முன்பே நட்டுவைத்தால், சுற்றி வரும் முனை அதில் இடிக்கும். ஆகவே சுவரை இரண்டு மெல்லிய தோல்களாக அச்சிட்டு, நடுவில் வெற்றிடம் விடுகிறார்கள். அதில் கம்பியை இறக்கிக் கான்கிரீட் நிரப்பினால், தோலே சென்ட்ரிங் ஆகி, உள்ளே தூண் உருவாகிறது. ஒரே மூச்சில் நிரப்பினால் இளம் தோல் பிளந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

கிடைக்கம்பியை வரிகளுக்கு இடையே படுக்கவைக்கலாம். காஞ்சிபுரத்தில் செங்குத்துக் கம்பிகளோடு, பற்றவைத்த வலையைக் கிடையாகக் கொடுத்தார்கள். கம்பி மெல்லியதாக இருந்தால்தான் மேல் வரி அதை முழுக்கச் சூழும். தடித்த கம்பியின் இருபுறமும் வெற்றிடம் தங்கி, நீர் புகுந்து துருப்பிடிக்கும். சுவர் முகத்துக்கு மிக அருகே வைத்தாலும் அதே கதிதான்.

மேல்தளத்தை மட்டும் அங்கே அச்சிடவில்லை. கீழே தாங்க ஒன்றுமில்லாத அந்தரத்தில் முனை எதன்மேல் வரி போடும்?