பத்து கணினி போட்டும் மூன்று மடங்குதானா?

வாக்கு எண்ணும் கூடத்தில் ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள் போடுவார்கள். மேசைக்கு ஓர் இயந்திரம். பதின்மூன்று மேசைக்காரர்கள் எண்ணி முடித்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தாலும், பதினான்காவது மேசை முடிக்கும்வரை அந்தச் சுற்று முடியாது. பல கணினிகளைச் சேர்த்து ஒரே தரவுத்தளத்தை ஓட்டுவதில் இருக்கும் முக்கால்வாசிச் சிக்கல் இந்தக் கடைசி மேசைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை. பல ஆண்டு பில்கள் சேர்ந்து ஒரு டெராபைட் ஆகிவிட்டன. எந்த ஊரில் எவ்வளவு பட்டு விற்றது என்று முதலாளி கேட்கிறார். வட்டிலிருந்து விநாடிக்கு 200 மெகாபைட் படிக்கலாம் என்றால், ஒரே கணினி முழுவதையும் படித்து முடிக்க 5,000 விநாடி ஆகும். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

பில்களைப் பத்துப் பங்காக்கிப் பத்து கணினிகளிடம் கொடுத்தால் 500 விநாடி. அதே வேலை, கணினி பத்து மடங்கு, வேகமும் பத்து மடங்கு. இதற்குப் பெயர் ஸ்பீட்அப். ஆனால் ஒவ்வொரு கணினியையும் எழுப்பி, வேலையைச் சொல்லி, விடையை வாங்கிக்கொள்ளவும் நேரம் வேண்டும். அதைத் தலைமைக் கணினி ஒவ்வொன்றாகச் செய்கிறது, தலைக்குப் பத்தில் ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கணினி போட்டால் படிக்க 50 விநாடி, எழுப்ப 10 விநாடி, ஆக மொத்தம் 60. மோசமில்லை, 83 மடங்கு. ஆசைப்பட்டு 1,000 கணினி போட்டால்? படிப்பது 5 விநாடிதான். எழுப்புவதற்கே 100 விநாடி. மொத்தம் 105. கூடுதலாகப் பணம் கொட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஸ்கேல்அப் வேறு கேள்வி கேட்கிறது. பில்கள் பத்து மடங்காகி, கணினிகளையும் பத்து மடங்காக்கினால், முன்பு ஆன நேரத்திலேயே விடை வருமா? பத்து கணினியில் ஒரு டெராபைட்டுக்கு 501 விநாடி ஆனது. 100 கணினியில் பத்து டெராபைட்டுக்கு 510 விநாடி. பழைய நேரத்தைப் புதிய நேரத்தால் வகுத்தால் 0.98. ஒன்றுக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். (இப்போது மென்பொருள் அலுவலகங்களில் ஸ்கேல்அப் என்றால் இருக்கும் கணினியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குவது என்று அர்த்தம். தரவுத்தளப் பாடத்தில் அப்படி இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்த இரண்டு அளவுகோல்களையும், அவற்றைக் கெடுக்கும் மூன்று காரணங்களையும் டேவிட் டிவிட், ஜிம் கிரே இருவரும் 1992-இல் எழுதிய கட்டுரை தெளிவாக வகுத்துக் கொடுத்தது. எழுப்பும் செலவு, ஒருவர் வேலைக்கு இன்னொருவர் குறுக்கே வருவது, பங்கு சமமாக இல்லாதது ஆகியவையே அந்த மூன்று.

பங்கீட்டுச் சிக்கல் 'ஷேர்டு நத்திங்' அமைப்பின் கூடவே பிறந்தது. அங்கே ஒவ்வொரு கணினிக்கும் தனி நினைவகம், தனி வட்டு. அடுத்தவர் வட்டை யாரும் தொட முடியாது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் இதற்காக வாதாடினார். டெராடேட்டா நிறுவனமோ அதற்கு முன்பே இந்த வகை இயந்திரத்தை விற்பனைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. யார் பங்கு எது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நிபந்தனை.

நம் ஜவுளிக்கடையில் ஊரின் பெயரை வைத்துப் பங்கிட்டார்கள் என்று கொள்வோம். பில்களில் 30 சதவீதம் சென்னையுடையது. அது முழுக்க ஒரே கணினியின் தலையில் விழுகிறது. மற்ற ஒன்பதும் ஆறரை நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருக்க, சென்னைக்காரர் மட்டும் 1,500 விநாடி படிக்கிறார். பத்து கணினிக்குக் காசு கொடுத்து மூன்றேகால் மடங்கு வேகம். பில் எண்ணை ஹாஷ் செய்து பங்கிட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பங்கு எப்படி விழுந்திருக்கிறது என்று டெராடேட்டாவில் இப்படிப் பார்க்கலாம்:

```sql
SELECT HASHAMP(HASHBUCKET(HASHROW(bill_no))), COUNT(*)
FROM sales
GROUP BY 1
ORDER BY 2 DESC;
```

முதல் வரி எண்ணிக்கையும் கடைசி வரி எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. ஆனால் பில் எண்ணால் பிரித்துவிட்டு, வாடிக்கையாளர் எண்ணால் பிரித்த வேறோர் அட்டவணையோடு சேர்த்துக் கேள்வி கேட்டால், பொருந்தும் வரிகள் வெவ்வேறு கணினிகளில் கிடக்கும். அவற்றை வலையமைப்பு வழியாக இடம் மாற்றிய பிறகே விடை. எல்லாக் கேள்விக்கும் ஒத்துவரும் பங்கீடு என்று ஒன்று கிடையாது. அடிக்கடி வரும் கேள்வி எது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

'ஷேர்டு டிஸ்க்' அமைப்பில் பங்கீட்டுக் கவலையே இல்லை. கணினிகள் தனித்தனி, நினைவகமும் தனித்தனி, வட்டுகள் மட்டும் எல்லாருக்கும் பொது. ஒரு கணினி படுத்துவிட்டால் மற்றவை அதே வட்டிலிருந்து வேலையைத் தொடரும். ஆரக்கிள் ஆர்.ஏ.சி. இந்த வகை.

வினை வேறிடத்தில் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் எல்லாக் கவுன்ட்டரிலும் பில் விழுகிறது. பில் எண் ஏறிக்கொண்டே போவதால், புதிய எண்கள் எல்லாம் குறியீட்டு அட்டவணையின் கடைசி பிளாக்கில்தான் பதிவாக வேண்டும். அந்த பிளாக் முதல் கணினியின் நினைவகத்தில் திருத்தப்பட்ட நிலையில் இருக்கும்போது இரண்டாவது கேட்கிறது. பழைய ஆரக்கிளில் முதல் கணினி அதை வட்டில் எழுதிவைக்க, இரண்டாவது அங்கிருந்து படித்துக்கொள்ளும். 2001-இல் வந்த கேஷ் ஃபியூஷனுக்குப் பிறகு வட்டைச் சுற்றாமல் நேராக வலையமைப்பில் அனுப்பிவிடுகிறார்கள். வேகம் கூடியது, போட்டி தீரவில்லை. அறிக்கையில் `gc buffer busy` என்று தொடங்கும் காத்திருப்புகள் மேலே வந்து நின்றால், ஒரே பிளாக்குக்கு அடிதடி நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து உண்டு. பில் எண் தரும் சீக்வன்ஸை `CACHE 1000 NOORDER` என்று அமைத்தால், ஒரு கணினி 1 முதல் 1000 வரையும் இன்னொன்று 1001 முதல் 2000 வரையும் எடுத்துக்கொள்ளும். பதிவுகள் வெவ்வேறு பிளாக்குகளுக்குப் போகும். பக்கவிளைவும் உண்டு. காலையில் போட்ட பில்லுக்கு 1001-ம், மாலையில் போட்டதற்கு 640-ம் எண்ணாக வரலாம். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

குறுக்கீடு சிறியதுதானே என்று விடவும் முடியாது. சேர்க்கிற ஒவ்வொரு கணினியும் மற்றவற்றை ஒரே ஒரு சதவீதம் தாமதப்படுத்தினால், எத்தனை கணினி போட்டாலும் 37 மடங்கு வேகத்தைத் தாண்ட முடியாது. அதுவும் நூறாவது கணினி வாக்கில். ஆயிரம் போட்டால் ஒற்றைக் கணினியின் வேகத்தில் 4 சதவீதம்தான் மிஞ்சும்.

ஆகவே என் கணக்கில், நாலைந்து கணினிகளில் நாள் முழுக்கப் பில் போடும் வேலைக்கு ஷேர்டு டிஸ்க். பல வருடத் தரவைக் குடைந்து பார்க்கும் வேலைக்கு ஷேர்டு நத்திங். ஸ்னோஃப்ளேக் போன்ற மேகச் சேவைகள் தரவைப் பொதுக் கிடங்கில் வைத்து, கணினிகளை மட்டும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கின்றன. அங்கும் ஒரு கணினிக்கு அதிக வேலை போய்ச் சேர்ந்தால், கதை பழைய சென்னைக் கதைதான். எதை வாங்கப் போனாலும், உங்கள் சொந்தத் தரவில் ஒரே கேள்வியை 10 கணினியிலும் 20 கணினியிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரம் பாதியாகவில்லை என்றால், கடைசி மேசை எது என்று கேளுங்கள்.