தெருவுக்குத் தெரு மாவு பாக்கெட் இருக்கே, உங்ககிட்ட ஏன் வாங்கணும்?

இட்லி மாவுத் தொழிலுக்குக் கடன் கேட்டுப் போகும் எவரிடமும் வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "தமிழ்நாட்டுல எல்லாரும் இட்லி சாப்பிடறாங்க சார், நூத்துல ஒருத்தர் வாங்கினாலே போதும்" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த ஒருத்தர் யார், ஏன் வாங்குவார் என்பதுதான் அவருடைய சந்தேகமே.

மதுரையில் ஒரு பெண் இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடுகளுக்குப் பாக்கெட் போட்டால் பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டும். அதனால் இரவு இட்லிக்கடை போடும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு மட்டும் கிலோ கணக்கில் கொடுக்கப் போகிறார். இந்தத் தேர்வே பாதிப் பதில். மீதிப் பாதி, வண்டிக்காரரின் கஷ்டத்தை ரூபாயில் சொல்வது.

ஒரு வண்டிக்கு நாளைக்கு 10 கிலோ மாவு ஆகிறது. வண்டிக்காரரே அரைத்தால் அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 30 ரூபாய். இவர் கேட்பது 45. அதாவது வண்டிக்காரர் தினமும் 150 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். எதற்காகத் தருவார்? ஊறவைத்து, கழுவி, அரைத்து, கிரைண்டரைத் தேய்த்து வைக்கும் இரண்டு மூன்று மணி நேர வேலை வீட்டில் மிச்சமாகிறது. ஆனால் அந்த வேலைக்கு அவர் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. கனமான காரணம் வேறு. ஒன்பது மணிக்கே மாவு தீர்ந்துவிட்டால் அவர் கடையைக் கட்ட வேண்டியதுதான். நினைத்தவுடன் புளித்த மாவு கிடைக்காது. போன் செய்தால் இரண்டு கிலோ வந்து சேரும் என்றால் இன்னும் 40 இட்லி விற்கலாம். இட்லி எட்டு ரூபாய் என்றால் 320 ரூபாய் வியாபாரம். இப்போது 150 ரூபாய்க்கு அர்த்தம் வருகிறது.

"வாங்குவாங்கன்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்பது அடுத்த கேள்வி. கருத்துக் கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் விசாரித்த கதையை விட, வீட்டு கிரைண்டரிலேயே அரைத்து மூன்று வண்டிகளுக்குக் கொடுத்துப் பணம் வாங்கிய பில் புத்தகம் பெரிய சாட்சி. மேலாளர் அதில் தேடுவது முதல் வாரத்தை அல்ல. அதே வண்டிக்காரர் இரண்டாம் வாரமும் வாங்கினாரா என்பதைத்தான்.

பிறகு கணக்கு. ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 2.8 கிலோ மாவு காணும். அரிசி 45, உளுந்து கிலோ 130 என்றால், வெந்தயம் உப்பு சேர்த்து மாவு கிலோவுக்கு 28 ரூபாய் அடக்கம். கரண்ட், தண்ணீர், பெட்ரோலுக்கு இன்னும் ஆறு. ஆக 34. கிலோவுக்குக் கையில் நிற்பது 11 ரூபாய்.

மாதச் செலவு: வாடகை 3,000, பகுதிநேர ஆள் 6,000, கடன் தவணை 4,000. மொத்தம் 13,000. மாதம் 26 நாள் ஓடினால் தினமும் 46 கிலோ விற்றால்தான் கைநஷ்டம் இல்லை. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து உழைப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா? அவருக்கு மாதம் 10,000 வர வேண்டுமென்றால் 81 கிலோ விற்க வேண்டும். எட்டு வண்டிகள் நிரந்தரமாக வேண்டும் என்று பொருள். "தினமும் 80 கிலோ, எட்டு வண்டி" என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவருக்குத் தொழில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

மாவுத் தொழிலைக் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று, மிச்சம். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும். அரைத்த 80 கிலோவில் நான்கு கிலோ மட்டும் விற்காமல் போனால்கூட, தினம் 880 ரூபாயாக இருந்த லாபம் 700 ஆகிவிடும். மாதக் கடைசியில் அவர் சம்பளம் 9,880-லிருந்து 5,200-க்கு இறங்கும். எனவே முதல் நாளே ஆர்டர் வாங்கி அதற்கேற்ப அரைப்பதையும், அவசரத்துக்கு வைக்கும் சில கிலோவைப் பிரிட்ஜில் வைப்பதையும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பதுபோல இருக்கும்.

இரண்டாவது, வாரக் கடன். வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிக்கிறேன் என்பார்கள். ஒரு வாரத்துக்கு 80 கிலோ வீதம் 25,200 ரூபாய் வெளியே நிற்கும். அரிசிக்கடைக்காரர் காத்திருக்க மாட்டார். டில்டிங் கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் 95,000 மட்டும் கேட்டுவிட்டு இந்தப் புழங்கு பணத்தை மறந்தவர், முதல் மாதத்திலேயே வட்டிக்கு வாங்கப் போவார். அதனால் கேட்க வேண்டியது 1,20,000. மூன்று வருடத்துக்கு, 12 சதவீத வட்டியில், தவணை அந்த 4,000-க்குள் அடங்கிவிடும். பிணை கேட்காத முத்ரா கடனில் 50,000-க்கு மேல் ஐந்து லட்சம் வரையுள்ள கிஷோர் பிரிவில் இது வரும்.

"ரெண்டு வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று மேலாளர் கடைசியாகக் கேட்டால், அதற்கும் அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது: "60 கிலோ ஆயிடும் சார். தவணை கட்டின பிறகு எனக்கு 4,160 ரூபாதான் மிஞ்சும், ஆனா தவணை நிக்காது. 46-க்குக் கீழ போனா ஆளை நிறுத்திட்டு நானே அரைப்பேன்."