மீட்டர் சரி, அளவு தப்பு

9 வோல்ட் பேட்டரி ஒன்று, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு. ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, இரு ஓரங்களையும் பேட்டரியில் கொடுத்தால், நடுச்சந்திப்பில் பாதி வோல்ட்டேஜ், அதாவது 4.5 வோல்ட் இருக்க வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 4.29 காட்டும். மீட்டர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வோல்ட்டேஜைப் பார்க்க மீட்டருக்கும் துளி மின்சாரம் வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர்களில் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். புரோப்புகளை ஒரு ரெசிஸ்டரின் இருபக்கமும் வைத்ததும் இந்த 10 மெகா ஓம் அதோடு பக்க இணைப்பில் சேர்ந்துகொள்கிறது. 1 மெகா ஓம் 0.91 ஆகக் குறைகிறது, அதன் பங்குக்கு வரும் வோல்ட்டேஜும் குறைகிறது. அளக்க வந்தவரே பந்தியில் உட்கார்ந்துவிட்ட கதைதான். ரெசிஸ்டர்கள் 1 கிலோ ஓம் ஆக இருந்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

முள் ஆடும் பழைய அனலாக் மீட்டரில் நிலைமை இன்னும் மோசம். அதன் முகப்பில் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று போட்டிருந்தால், 10 வோல்ட் ரேஞ்சில் உள்மின்தடை வெறும் 2 லட்சம் ஓம். அதே சந்திப்பில் முள் 1.3 வோல்ட் அருகே நிற்கும். 50 வோல்ட் ரேஞ்சுக்குத் திருப்பினால் 3 வோல்ட்! ரேஞ்சை மாற்றியதும் அளவு இப்படித் தாவினால், மீட்டர் சர்க்யூட்டைக் கீழே இழுக்கிறது என்று அர்த்தம்.

துல்லியம் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறதே, அது என்ன? ±(0.5% + 2 இலக்கம்) என்று இருந்தால், 4.29 என்ற அளவில் அரை சதவீதம் 0.02 வோல்ட், கடைசி இலக்கத்தில் இரண்டு எண்ணிக்கை இன்னொரு 0.02. மொத்தம் 0.04 வோல்ட் கூடக்குறைய இருக்கலாம். உண்மையான 4.5 இந்த எல்லைக்குள் வரவே இல்லை. ஆனாலும் கையேடு பொய் சொல்லவில்லை. புரோப் தொட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே இருப்பது நிஜமாகவே 4.29 வோல்ட்தான், அதை மீட்டர் ஒழுங்காகச் சொல்கிறது. புரோப்பை எடுத்த பிறகு அங்கே எவ்வளவு இருக்கும் என்பதற்கு அந்தச் சதவீதம் பொறுப்பேற்பதில்லை. விலை உயர்ந்த, 0.05% துல்லிய மீட்டரிலும் உள்மின்தடை 10 மெகா ஓம் என்றால் இதே 4.29தான் வரும்.

சந்தேகம் வந்தால் இரண்டு ரெசிஸ்டர்களையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். 4.29, 4.29, கூட்டினால் 8.58. பேட்டரியை நேரடியாக அளந்தாலோ 9. கணக்கு உதைக்கிறதல்லவா? திருத்துவதும் எளிது. மீட்டர் பக்கமிருந்து பார்த்தால் இந்தச் சர்க்யூட்டின் மின்தடை, இரண்டும் பக்க இணைப்பாகி, அரை மெகா ஓம். அது மீட்டரின் பத்து மெகா ஓமில் 5 சதவீதம். காட்டிய அளவோடு 5 சதவீதம் சேர்த்தால் 4.5 வந்துவிடும்.

மீட்டர் வாங்கும்போது துல்லியச் சதவீதத்தோடு உள்மின்தடை எவ்வளவு என்றும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் அது 1 மெகா ஓம்தான். இந்தச் சந்திப்பில் அவை 3 வோல்ட்தான் காட்டும்.