டொமைன் மாறலாம், பாதை மாறக்கூடாது

2024 மே மாதம் ட்விட்டர் முழுமையாக x.com என்ற டொமைனுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் செய்திக் கட்டுரைகளிலும் நீதிமன்ற மனுக்களிலும் ஆய்வேடுகளிலும் twitter.com என்று தொடங்கும் லிங்குகள் எத்தனையோ இடம்பெற்றிருந்தன. அவற்றை யாரும் தேடிப்பிடித்துத் திருத்தவில்லை. திருத்தத் தேவையும் இல்லை. பழைய லிங்கைத் தட்டினால் முகவரியின் முன்பகுதி மட்டும் x.com ஆகிறது, பயனர் பெயரும் பதிவின் எண்ணும் அப்படியே இருக்க, அதே பதிவு திறக்கிறது.

இதற்கு நிரந்தர ரீடைரக்ட் என்று பெயர். பிரவுசர் பழைய டொமைனின் சர்வரிடம் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் பக்கத்தைத் தராமல் 301 என்ற எண்ணையும் புதிய முகவரியையும் திருப்பி அனுப்புகிறது. “இது இனி நிரந்தரமாக அங்கேதான்” என்பது 301-இன் பொருள். பிரவுசர் உடனே அங்கே போகிறது. கூகுள் போன்ற தேடுபொறிகளும் இந்த எண்ணைப் பார்த்துத்தான், பழைய பக்கத்துக்குக் கொடுத்திருந்த மதிப்பைப் புதிய பக்கத்தின் கணக்கில் சேர்க்கின்றன.

பலரும் செய்வது அரைகுறை வேலை. பழைய தளத்தின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் புதிய தளத்தின் முகப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பூட்டிய கடையின் கதவில் “இடம் மாறிவிட்டது” என்று தெருப்பெயர் மட்டும் எழுதி ஒட்டுவதைப் போன்றது அது. 2014-இல் வந்த ஒரு சமையல் குறிப்பைத் தேடி வந்தவர் முகப்பைப் பார்த்து என்ன செய்வார்? திரும்பிப் போய்விடுவார். கூகுளும் இத்தகைய ரீடைரக்டைப் பெரும்பாலும் “பக்கம் இல்லை” என்றே எடுத்துக்கொள்கிறது.

சரியாகச் செய்வது கடினமில்லை. ஒரு பத்திரிகை palaya.example என்ற டொமைனிலிருந்து puthiya.example-க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைகளின் பாதைகள், அதாவது டொமைனுக்குப் பின்னால் சாய்கோட்டில் தொடங்கும் பகுதி, புதிய தளத்திலும் மாறாமல் இருக்கின்றன. பழைய டொமைனைக் கவனிக்கும் என்ஜின்எக்ஸ் சர்வரில் இந்த ஒரு வரி போதும்:

```
return 301 https://www.puthiya.example$request_uri;
```

கடைசியில் உள்ள `$request_uri` என்பது வாசகர் கேட்ட பாதையை, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் `?page=2` போன்றவை உட்பட, எழுத்து மாறாமல் ஒட்டித் தருகிறது. அதற்குப் பதில் `$uri` என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. `$uri` கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை உதிர்த்துவிடும். குறியீடாக வந்த எழுத்துகளை அவிழ்த்தும்விடும்.

இந்த இரண்டாவது விஷயம் தமிழ்த் தளங்களை நேரடியாகத் தொடுகிறது. முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் அது அப்படியே பயணிப்பதில்லை; “அ” என்ற ஒரே எழுத்து `%E0%AE%85` என்று ஒன்பது குறிகளாகப் போகிறது. “தமிழ்” என்ற சொல்லுக்குப் புள்ளியும் கொக்கியும் தனித்தனியாகக் கணக்காகி 45 குறிகள். `$uri` இவற்றை அவிழ்த்துப் பதிலில் பச்சையாக வைக்கும். பிரவுசர்கள் பல சமாளித்துக்கொள்ளும். எல்லா மென்பொருளும் சமாளிக்காது. அதைவிட மோசம், முகவரிக்குள் வரிமுறிப்புக் குறியீட்டை ஒளித்து அனுப்பும் விஷமிகள் சர்வரின் பதிலில் தங்கள் வரிகளைச் செருகவும் அது வழிவிடும்.

அப்பாச்சி சர்வரில் வேறொரு பொறி இருக்கிறது:

```
Redirect permanent / https://www.puthiya.example/
```

கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் `/katturai` என்ற பக்கம் `www.puthiya.examplekatturai` என்ற, உலகில் இல்லாத டொமைனுக்குப் போகும். முகப்பு மட்டும் ஒழுங்காகத் திறக்கும். முகப்பை மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு மறுநாள்தான் விஷயம் தெரியும்.

ஆகவே சோதனை உள்பக்கங்களில்தான் நடக்க வேண்டும். தமிழ்ப் பாதை ஒன்று, கேள்விக்குறி உள்ளது ஒன்று, www இல்லாதது ஒன்று என்று எடுத்துக்கொண்டு, பிரவுசரை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
curl -I "https://palaya.example/2014/05/rasam?page=2"
```

பதிலின் முதல் வரியில் 301 இருக்க வேண்டும். location என்ற வரியில் முழுப் பாதையும் இருக்க வேண்டும். அந்தப் புதிய முகவரியைக் கேட்டால் 200 வர வேண்டும், இன்னொரு 301 அல்ல. பிரவுசரில் சோதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: அது 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான ரீடைரக்டை நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும், அதை ஒருமுறை பார்த்துவிட்ட வாசகரின் பிரவுசர் சர்வரைக் கேட்காமலே பழைய தவறுக்குப் போய்க்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் 302 என்ற தற்காலிக எண்ணை வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்றான பிறகே 301 ஆக மாற்றுவார்கள்.

மாற்றம் முடிந்து, எல்லோரும் மறந்தபின் வரும் கோளாறு இன்னொன்று. இதுதான் அதிகம் தொல்லை தருவது. பழைய லிங்க் https என்று தொடங்கினால், பிரவுசர் 301-ஐப் பார்க்கும் முன்பே பழைய டொமைனின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். அது காலாவதியாகியிருந்தால் வாசகர் பார்ப்பது புதிய தளத்தை அல்ல, சிவப்பு எச்சரிக்கையை. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கும். பல சர்வர்களில் அந்த ஏற்பாடு, டொமைன் உங்களுடையதுதானா என்று பார்க்க அதில் ஒரு சிறு கோப்பைத் தேடும். நீங்களோ எல்லாப் பாதைகளையும் புதிய டொமைனுக்குத் திருப்பிவிட்டீர்கள். கோப்பைத் தேடி வந்ததும் அங்கே போய், அது இல்லையென்று திரும்பும். மூன்று மாதம் நன்றாக ஓடிய ரீடைரக்ட் ஒரு காலையில் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். `/.well-known/acme-challenge/` என்ற பாதையை மட்டும் திருப்பாமல் விட்டால் சிக்கல் தீர்ந்தது.

ரீடைரக்ட் சுமந்து செல்லாதவையும் உண்டு. லாகின் நிலையை நினைவில் வைக்கும் குக்கீ பழைய டொமைனுக்கே உரியது. வாசகர்கள் மறுபடி லாகின் செய்தாக வேண்டும். பாஸ்கீயும் அப்படியே. மின்னஞ்சலுக்கு இந்த 301 பொருந்தவே பொருந்தாது. அதற்குத் தனி அமைப்பு வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது? குறைந்தது ஓராண்டு என்கிறது கூகுள். அது தேடுபொறியின் கணக்கு. அச்சிட்ட புத்தகத்திலும் பிறர் தளங்களிலும் உள்ள லிங்குகளுக்கு ஓராண்டு போதாது. மேலும், நீங்கள் கைவிட்ட டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் பழைய லிங்குகள் அத்தனையும் கிடைக்கும். பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வரும் பாஸ்வேர்டு மாற்றும் கடிதங்களும் அவர் கைக்குப் போகும். பழைய டொமைனின் ஆண்டுக் கட்டணத்தைத் தானியங்கிப் புதுப்பிப்பில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்குக்கான மின்னஞ்சல் அதே பழைய டொமைனில் இருந்தால், அதை இன்றே மாற்றுங்கள்.