காய அறிக்கையும் ஆசிரியர் கையெழுத்தும்

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அடிபட்டு வருபவரைப் பரிசோதிக்கும் மருத்துவர், சிகிச்சையோடு சேர்த்து ஓர் அறிக்கையும் எழுதியாக வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இதை ‘ஏ.ஆர். போடுவது’ என்பார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் இந்தக் குறிப்பும், அதை அடிப்படையாகக் கொண்டு பின்னர் தரப்படும் காயச் சான்றிதழும் காவல் நிலையம் வழியாக நீதிமன்றம்வரை செல்கின்றன. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, அடிபட்டவரின் உடலில் காயம் ஆறிப் போன பிறகு, அது எப்படி இருந்தது என்பதற்கு மருத்துவரின் சாட்சியமாக மிஞ்சுவது இந்தத் தாள்தான்.

இந்த அறிக்கையை எழுதும் திறனை எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே மாணவர் காட்டியாக வேண்டும் என்று 2018-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட, 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டம் சொன்னது. தடயவியல் மருத்துவத்தில் எஃப்.எம். 14.1 என்ற எண்ணில் அது இடம்பெற்றது: காயமடைந்தவரைப் பரிசோதித்து, மாதிரிச் சூழலிலோ ஆசிரியர் மேற்பார்வையிலோ மருத்துவ-சட்ட அறிக்கை தயாரித்தல். மாணவர் அதைச் செய்துகாட்டினாரா என்பதைப் பதிய ஒரு லாக் புக் உண்டு.

அந்த லாக் புக்கின் கட்டங்கள் மதிப்பெண் பட்டியலைப் போல இருப்பதில்லை. முயற்சி முதலாவதா, மறுமுறையா, குறைநீக்கப் பயிற்சிக்குப் பிந்தையதா என்று ஒரு கட்டம். தரம் எதிர்பார்ப்புக்குக் கீழேயா, எதிர்பார்த்த அளவா, அதற்கு மேலா என்று B, M, E ஆகிய எழுத்துகளில் ஒன்றைக் குறிக்க அடுத்த கட்டம். இதற்குப் பதிலாக எண்ணில் மதிப்பெண் இடவும் வழி உண்டு. பிறகு ஆசிரியரின் முடிவு: C என்றால் நிறைவு, R என்றால் மறுபடி செய்ய வேண்டும், Re என்றால் குறைநீக்கப் பயிற்சி தேவை. ஆசிரியரின் சுருக்கொப்பமும் தேதியும் அதையடுத்து வரும். கடைசியில், ஆசிரியர் சொன்ன கருத்து தனக்கு வந்து சேர்ந்தது என்று மாணவர் இடும் சுருக்கொப்பம்.

மதிப்பெண்ணே இல்லாமல் C அல்லது R என்று மட்டும் முடிவெடுக்கும்போது என்ன மாறுகிறது என்பதை ஒரு மாதிரிப் பயிற்சியில் பார்க்கலாம். மாணவரிடம் தரப்படும் நிலவரம் இது: 34 வயது ஆண். கட்டையால் அடித்தார்கள் என்று சொல்கிறார். நெற்றியில் ஒரு காயம். இடது முன்கை வீங்கியிருக்கிறது. காயத்தின் பெரிதாக்கிய படங்களும் தரப்படுகின்றன. மாணவர் எழுதிய அறிக்கையில் பெயர், வயது, அழைத்து வந்தவர், பரிசோதித்த நேரம், ஒப்புதல், இரண்டு அடையாளக் குறிகள் எல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. காயத்தின் இடத்தையும், ‘வலப்புருவத்துக்கு 2 செ.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. வலப்புறம்’ என்று நன்றாகவே எழுதியிருக்கிறார். நீளம், அகலம், ஆழம் மூன்றும் உண்டு. ஆனால் காயத்தின் வகை ‘வெட்டுக்காயம்’ என்று இருக்கிறது. முன்கைக்கு நேராக ‘எலும்பு முறிவு, கொடுங்காயம்’ என்று முடிவும் எழுதப்பட்டிருக்கிறது.

பத்து மதிப்பெண்ணுக்குப் பிரித்துத் திருத்தினால் இந்த அறிக்கைக்கு ஏழு கிடைத்துவிடும். வகையில் ஒன்று போகும், முடிவில் இரண்டு போகும், அவ்வளவுதான். ஏழு என்பது நல்ல மதிப்பெண். ஆனால் இதே தாள் நிஜ வழக்கில் போயிருந்தால், கட்டையடி கத்திவெட்டாக மாறியிருக்கும். அடையாளக் குறிகளைச் சரியாக எழுதியது அந்தப் பிழையை எந்த வகையிலும் ஈடு செய்யாது. மதிப்பெண் கூட்டல் முறையில் ஓர் இடத்தின் நிறைவு இன்னோர் இடத்தின் குறையை மூடிவிடுகிறது. நிறைவு, மறுபடி என்ற முடிவில் அப்படி மூட வழியில்லை. இந்த அறிக்கைக்கு உரிய முடிவு R.

அந்தப் பிழை ஏன் அவ்வளவு பெரியது என்பதற்குக் காயத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். நெற்றி, உச்சந்தலை, முழங்கால் எலும்பின் முன்பக்கம் போன்ற இடங்களில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. அங்கே மொட்டையான பொருளால் அடி விழுந்தால் எலும்புக்கும் கட்டைக்கும் நடுவே அகப்பட்ட தோல் நேர்கோட்டில் பிளந்துகொள்ளும். பார்வைக்கு அது கத்தியால் கீறியது போலவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். மொட்டை அடியால் வந்த கிழிகாயத்தில் ஓரங்கள் கன்றியிருக்கும், முடிவேர்கள் நசுங்கியிருக்கும், காயத்தை விரித்தால் உள்ளே அறுபடாத திசுநார்கள் பாலம்போலக் குறுக்கே ஓடும். கூரிய ஆயுதம் இந்த நார்களையும் சேர்த்தே அறுத்துவிடும். ஆகவே ‘வெட்டுக்காயம்’ என்ற ஒரு சொல், கூரிய ஆயுதம் இருந்தது என்று சொல்லிவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில், வேண்டுமென்றே காயம் விளைவிப்பதற்கு 115(2) பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. வெட்டும் கருவி உள்ளிட்ட ஆபத்தான ஆயுதங்களால் விளைவித்தால் 118(1) பிரிவின்படி மூன்றாண்டு வரை. கட்டையும் சில சூழல்களில் ஆபத்தான ஆயுதமாகக் கருதப்படலாம் என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். தவறான ஒரு சொல்லால் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை தந்துவிடக் கூடாது. மறுபக்கமும் உண்டு. அடிபட்டவர் கட்டை என்கிறார், தாள் கத்தி என்கிறது என்றால், உண்மை சொன்னவரின் வாக்குமூலமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முன்கைப் பிழை வேறு வகையானது. சட்டத்தின் 116-ஆம் பிரிவு எலும்பு முறிவைக் கொடுங்காயங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அதை மாணவர் சரியாகவே அறிந்திருக்கிறார். ஆனால் எக்ஸ்ரே இன்னும் எடுக்கப்படவில்லை. வீக்கத்தை மட்டும் கண்டு முறிவு என்று எழுதியது, தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாக்கிவிட்டது. ‘எக்ஸ்ரே அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதுவதே முறை. ஊகம் பின்னால் சரியாகவே போனாலும் அறிக்கை தவறான அறிக்கைதான்.

அடுத்து ஆசிரியர் முன் நிற்கும் கேள்வி: R-ஆ, Re-யா? தாளை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மாணவரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ‘எதை வைத்து வெட்டுக்காயம் என்று எழுதினாய்?’ என்ற கேள்விக்கு, ‘ஓரம் நேராக இருந்தது சார், பெரிதாக்கிய படத்தை நான் பார்க்கவில்லை’ என்று பதில் வந்தால் அறிவு இருக்கிறது, பரிசோதனையில் அவசரம். வேறொரு காயத்தைக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னால் போதும். திசுநார்ப் பாலம் என்பதையே கேள்விப்படாதவர்போல விழித்தால் இன்னும் பத்து அறிக்கை எழுதினாலும் பிழை தொடரும். அவருக்குத் தேவை குறைநீக்கப் பயிற்சி. இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாருக்கும் R போட்டு அனுப்புவது வீண் வேலை.

மறுமுறை எழுதுவது என்பதிலேயே மிகுதியான கோளாறு நடக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையில் ‘கிழிகாயம்’ என்று திருத்துகிறார். மாணவர் அதை அப்படியே நல்ல தாளில் பிரதி எடுத்து வருகிறார். ஆசிரியர் C போட்டுக் கையெழுத்திடுகிறார். இதில் ஆசிரியர் நிறைவு என்று சான்றளித்தது தன் சொந்தத் திருத்தத்தைத்தான். மறுமுறை என்றால் புதிய நிலவரம், புதிய காயம், புதிய தாள் என்றிருக்க வேண்டும். திருத்தம் கண்ட முதல் தாளையும் கிழித்துப் போடாமல் லாக் புக்கோடு வைக்க வேண்டும். எந்த இடத்திலிருந்து மாணவர் எங்கே வந்தார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியதும் சில நேரம் தானாகவே வெளிப்படும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், 20 நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ ஏற்படுத்தும் காயம் கொடுங்காயமாக இருந்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 15 நாளாக்கியது. அந்தத் தேதிக்குப் பிந்தைய நிலவரத்துக்கு எழுதிய அறிக்கையில் 20 நாள் என்று இருந்தால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

கையெழுத்தின் பக்கத்துக் கோளாறுகளும் லாக் புக்கைப் புரட்டினால் தெரிகின்றன. ஆண்டு முழுவதற்குமான சுருக்கொப்பங்கள் தேர்வுக்கு முந்தைய வாரத்தின் ஒரே தேதியில், ஒரே பேனாவில் இருக்கும். ஒரு பேட்ச் முழுவதிலும் ஒருவருக்குக்கூட R இருக்காது. கருத்து பெற்றதற்கான மாணவர் கட்டம் காலியாகவோ மொத்தமாக நிரப்பப்பட்டோ இருக்கும். எண் இருந்தால் ஐந்து போடுவதா ஆறு போடுவதா என்று தயங்கும் ஆசிரியர்கூட ஏதோ ஒன்றைப் போட்டு நகர்ந்துவிடலாம். ‘இல்லை’ என்று நேராகச் சொல்ல வேண்டிய இடத்தில் மனம் இளகிவிடுகிறது. சொன்னால் மறுபடி நேரம் ஒதுக்க வேண்டும், மாணவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். இது புரிந்துகொள்ளக்கூடிய தயக்கம்தான். ஆனால் தயங்கிப் போடும் C, படிப்பறையில் நிற்க வேண்டிய பிழையை நோயாளியிடம் அனுப்பி வைக்கிறது.

எந்தப் பிழைக்கு R என்பதை ஆசிரியர்கள் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் இன்னொரு அநியாயம் நேரும். ஒரு அடையாளக் குறி விட்டுப்போனதற்கு ஒருவர் திருப்பி அனுப்புவார், இன்னொருவர் வாயால் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுவார். துறையிலுள்ளவர்கள் அதே நான்கைந்து அறிக்கைகளைத் தனித்தனியே படித்து, தத்தம் முடிவை ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே வேறுபடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மன்னிக்க முடியாத பிழைகளின் பட்டியல் சிறியதாக இருப்பதே நல்லது. காயத்தின் வகை, இடம், அளவு, ஆதாரமில்லாத முடிவு, பரிசோதித்த நேரம், ஆள் அடையாளம் ஆகியவை அதில் வரும். எழுத்துப்பிழையையும் தாளின் ஓரம் விடாததையும் அதில் சேர்த்தால் பட்டியல் நீளும். மாணவர் காயத்தை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதத் தொடங்குவார்.

C விழுந்த பிறகும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பாடத்திட்டம் திறன்களை அறிதல், எப்படி என்றறிதல், செய்துகாட்டல், தனித்துச் செய்தல் என்று நான்கு படிகளாகப் பிரிக்கிறது. 1990-ல் ஜார்ஜ் மில்லர் வரைந்த கூம்பின் சாயல் இதில் இருக்கிறது. காய அறிக்கை மூன்றாவது படியில் வைக்கப்பட்டது. மாதிரிச் சூழலில் ஆசிரியர் பார்க்க எழுதிக்காட்டினார் என்பதே கையெழுத்தின் பொருள்; இரவு இரண்டு மணிக்குக் குடிபோதையில் ஆட்கள் கூச்சலிட, காவலர் பக்கத்தில் நிற்க, தனியாக எழுதுவார் என்று அது சொல்லவில்லை. ஒரு கிழிகாயத்தைச் சரியாக எழுதியவர் துப்பாக்கிக் காயத்தையோ தீக்காயத்தையோ சரியாக எழுதுவார் என்பதற்கும் அது சான்றாகாது. அதனால்தான் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் மாணவர் எழுதும் ஏ.ஆரை டியூட்டி டாக்டர் படித்துப் பார்த்து, தேவையானால் காயத்தையும் நேரில் பார்த்த பின்பே தன் பெயரை இட வேண்டியிருக்கிறது.