ஒரே சதுரத்தில் முழு நீளக் கிராஸ் பீஸ்

கழுத்து வளைவில் நேர்வாட்டத் துணி சுருங்கி நிற்கும். மூலைவாட்டத்தில் வெட்டிய கிராஸ் பீஸ்தான் இழுபட்டு வளைவோடு படியும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதைவிட, 10 அங்குலச் சதுரம் ஒன்றிலிருந்தே 60 அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்கலாம்.

சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டுங்கள். வரும் இரு முக்கோணங்களையும், சதுரத்தில் எதிரெதிராக இருந்த இரு நேர்விளிம்புகளைச் சேர்த்து, கால் அங்குலத்தில் தைத்தால் சாய்சதுரம் போன்ற வடிவம் கிடைக்கும். தையலைப் பிரித்து அயர்ன் செய்து, மூலைவாட்ட விளிம்புக்கு இணையாக ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மீதித் துணியை வெட்டிவிடலாம்.

அடுத்ததுதான் முக்கியம். மிச்சமுள்ள இரு நேர்விளிம்புகளையும் குழாயாக இணைக்கும்போது ஒரு கோடு தள்ளிச் சேர்க்க வேண்டும். தள்ளாவிட்டால் தனித்தனி வளையங்களே வரும். கோடுகள் சந்திக்க வேண்டியது துணி ஓரத்தில் அல்ல, தையல் விழும் கால் அங்குலத்தில். அங்கே குண்டூசி குத்துங்கள். ஓரத்தில் பொருத்தினால் ஒவ்வொரு தையலிலும் பட்டை படிபோல் விலகித் தெரியும்.

பிறகு நீட்டி நிற்கும் முனையிலிருந்து கோட்டின்மேல் சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். இதில் இணைப்புகள் அடிக்கடி வரும். மெல்லிய துணியில் அவை முன்கழுத்தில் தெரியும். அதற்கு நீளமான ஒற்றைத் துண்டே நல்லது.