காதுமடலுக்குள் புகும் ஒளி

செல்போன் டார்ச்சின் மேல் விரலை வைத்து மூடிப் பாருங்கள். விரல் நுனி செக்கச் சிவந்து ஒளிரும். வெளிச்சம் முழுவதும் தோலில் பட்டுத் திரும்பிவிடுவதில்லை. ஒரு பங்கு உள்ளே நுழைந்து, திசுக்களில் அலைக்கழிந்து, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. இரத்தம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்ள, சிவப்பு மட்டும் அதிக தூரம் போகிறது. பழைய கேம்களில் மனித முகம் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிந்ததற்கு, இந்த உள்சிதறலைக் கணக்கில் எடுக்காததும் ஒரு பெரிய காரணம்.

2001-இல் ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய சகாக்களும் இதற்கு நல்லதொரு கணித வழியைத் தந்தார்கள். அது சினிமாவுக்குப் பொருந்தியது. அங்கே ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கலாம். கேமில் நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், மொத்தக் காட்சிக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடிதான். அதனால் இங்கே ஒளியின் பாதையை யாரும் பின்தொடர்வதில்லை. அதன் விளைவை மட்டும் போலி செய்கிறார்கள்.

மிக மலிவான தந்திரத்துக்கு ‘ராப் லைட்டிங்’ என்று பெயர். வழக்கமான கணக்கில், மேற்பரப்பு நோக்கும் திசைக்கும் விளக்கு இருக்கும் திசைக்கும் நடுவிலுள்ள கோணத்தின் கொசைன்தான் வெளிச்சத்தின் அளவு. 90 பாகையில் அது பூஜ்யமாகி, அதற்கு அப்பால் கும்மிருட்டு. கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் வெட்டிவிட்டது போல் தெரிவது இதனால்தான். அந்தக் கொசைனை இப்படி மாற்றுகிறார்கள்:

```
max(0, (NdotL + w) / (1 + w))
```

இதில் w என்பது வெளிச்சம் எவ்வளவு தூரம் வளைந்து மறுபக்கம் போகலாம் என்பதற்கான எண். இதை நிறத்துக்கு நிறம் மாற்றிக் கொடுப்பதில்தான் தோலின் உயிர் இருக்கிறது. சிவப்புக்கு 0.5, பச்சைக்கு 0.2, நீலத்துக்கு 0.1 என்று வைப்போம். வழக்கப்படி இருண்டுபோகிற அந்த 90 பாகையில் இப்போது சிவப்பு 0.33, பச்சை 0.17, நீலம் 0.09 என வருகிறது. நிழலின் விளிம்பு மெல்லச் சிவந்து கரைகிறது. ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் செலவு.

ஆனால் இந்தச் சூத்திரம் இல்லாத வெளிச்சத்தை உண்டாக்குகிறது. w 0.5 ஆக இருந்தால், ஒரு கோளத்தின் மேல் விழும் மொத்த ஒளி ஒன்றரை மடங்காகிவிடும். முகம் வெளிறித் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விடையை இன்னொரு முறை (1 + w)-ஆல் வகுத்தால் சரியாகும்.

காதுமடலுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது ராப் மட்டும் போதாது. அங்கே ஒளி ஊடுருவி வர வேண்டும். 2011-இல் கொலின் பாரே-பிரீஸ்புவாவும் மார்க் பூஷாரும் இதற்குச் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. மாடலின் ஒவ்வொரு இடமும் எவ்வளவு தடிமன் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு டெக்ஸ்ச்சரில் பதித்துவிடுகிறார்கள். மேற்பரப்பின் திசைகளை உள்நோக்கித் திருப்பி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அளந்தால் தடிமன் தோராயமாகக் கிடைத்துவிடும். கேம் ஓடும்போது, பார்ப்பவர் விளக்கை எவ்வளவு நேராக எதிர்நோக்குகிறார் என்பதை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, மெல்லிய இடங்களில் அதிகமாகச் சேர்க்கிறார்கள். அடுக்கு 4 என்றால், நேர் எதிரே 1. 30 பாகை விலகினால் 0.56, 60 பாகையில் 0.06. அடுக்கைக் குறைத்தால் மெழுகு போல ஒளி பரவலாகும். கூட்டினால் ஒரே இடத்தில் குவியும்.

இலையை கேமில் பெரும்பாலும் தடிமனே இல்லாத ஒற்றைத் தாளாகத்தான் வைப்பார்கள். அங்கே அளக்க ஒன்றுமில்லை. நரம்புகள் இருண்டும் இடைப்பகுதி வெளுத்தும் இருக்கும்படி ஒரு படத்தைக் கையாலேயே வரைந்து கொடுக்கிறார்கள். ஊடுருவி வரும் ஒளிக்கு, மேலே பட்டுத் திரும்பும் பச்சையைவிட மஞ்சள் கூடிய நிறத்தைத் தனியாகக் கொடுத்தால்தான் வெயிலில் இலை இலையாகத் தெரியும்.

பதித்த தடிமன் அசையாது என்பது இந்த வழியின் பெரிய குறை. விரித்த கைக்கு அளந்திருந்தால், விரல்களை மடக்கி முஷ்டியாக்கினாலும் அதே மெல்லிய ஒளிர்வுதான் வரும். இன்னொரு குறையை உடனே சோதித்துப் பார்க்கலாம். காதுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு சுவரை வையுங்கள். காது அப்போதும் சிவந்தால், ஊடுருவும் ஒளி நிழல் கணக்கைத் தாண்டி வந்துவிட்டது என்று பொருள். நிழல் கணக்கை அப்படியே சேர்ப்பதும் உதவாது. காதே தன் முன்பக்கத்தின் மேல் நிழல் போட்டு, ஒளிர்வை முழுதாக அணைத்துவிடும். அதனால் நிழலைப் பார்க்கும் புள்ளியை, காதின் தடிமன் அளவுக்கு விளக்கின் பக்கமாக நகர்த்திச் சோதிப்பார்கள். காதின் நிழல் விலகி, சுவரின் நிழல் மட்டும் நிற்கும்.